உண்மை பேசுதல்: சைபர்

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள்: பஸ் முதலாளி. பத்திர ரைட்டர். கண்டக்டர், அவன் முதல் சாட்சி. காப்பிக் கடைக்காரர், அவர் இரண்டாவது சாட்சி, கடையை அப்படியே விட்டுவிட்டு வந்ததால் ஒரு காலைப் பந்தலுக்கு வெளியே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு நான். என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை. நானும் உட்காரவில்லை.

இடம், தருமபுரியில் ரிஜிஸ்டர் ஆபீஸ் வேலி ஓரமாகப் பத்திர ரைட்டர் போட்டிருந்த ஓலைப் பந்தல். காலம், யுத்தம் வருவதற்கு முன்னால். எழுதப் போனது என்னைப் பற்றி ஒரு கடிதம்.

நான் அந்த முதலாளியின் பஸ்ஸை நாலு வருஷம் ஓட்டினேன். பாப்பிரெட்டிப்பட்டியில் காலையில் எடுத்து தருமபுரி வந்து, சாயங்காலம் திரும்புவது. பிறகு அவர் என்னை நிறுத்திவிட்டார். நிறுத்தி நாலு மாசம் ஆகியிருந்தது. லைசென்ஸைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, இண்டூரில் மாமனார் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தேன். மாமனார் ஒன்றும் சொல்லமாட்டார். சாப்பிடும்போது மட்டும் என் கையைப் பார்ப்பார். ஸ்டீயரிங் பிடிக்கிற கை களைக்கொத்தைப் பிடித்தால் வேறு மாதிரி காய்க்கும். அதைத்தான் பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

அப்போது மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஒரு புது வேன் வந்தது. அதற்கு டிரைவர் வேண்டும் என்று சொன்னார்கள். போனேன். ஆஸ்பத்திரியை நடத்தியது ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா. நான் ஊர் முன்சீபிடம் ஒரு நற்சாட்சிப் பத்திரம் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். ‘இவன் நல்ல ஒழுக்கமும் பணிவும் நாணயமும் உள்ளவன்’ என்று அதில் இருந்தது. டாக்டரம்மா அதை வாசித்துவிட்டு, மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்துக் காட்டினார். சமையல்காரர், தோட்டி, காவல்காரர், இன்னும் மூன்று டிரைவர்கள், எல்லோரும் கொண்டுவந்த பத்திரங்கள். எல்லாரும் நல்ல ஒழுக்கமும் பணிவும் நாணயமும் உள்ளவர்கள். எழுத்துகூட ஒரே எழுத்து.

அவர் தமிழ் பேசுவார். பாதிரிமார் படித்த தமிழ்.

“இதினால் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீர் கடைசியாக யாரிடத்தில் வேலை செய்தீர்? அவர் எழுதட்டும்,” என்றார்.

அவரிடம் ஒரு தாள் இருந்தது. இங்கிலீஷில் டைப் அடித்து, பக்கத்தில் ஆஸ்பத்திரிக் கிளார்க்கு தமிழில் எழுதியது. எத்தனை காலம் வேலை செய்தான், என்ன வேலை, ஏன் விலகினான் என்று மேலே. அதன் கீழே ஆறு விஷயம். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க்குப் போட வேண்டும். மார்க்கு மட்டும் போட்டால் போதாது. அந்த மார்க்குக்குக் காரணமாக, தான் கண்ணால் பார்த்த ஒரு சம்பவத்தை எழுத வேண்டும். ‘நல்லவன்’ என்று மட்டும் எழுதினால் தாள் திரும்பி வரும். கடைசியில் ஒரு கேள்வி: மறுபடி வேலைக்கு வைத்துக்கொள்வீரா?

“இந்தத் தாள் உம்முடைய எஜமானுக்குத் தபாலில் போகும். முத்திரை வைத்து எனக்கே திரும்ப வரவேண்டும். மாசக் கடைசிவரைக்கும் காத்திருப்பேன். சேலத்திலிருந்து இன்னொருவரும் கேட்டிருக்கிறார்,” என்றார்.

எனக்கு வேறே முதலாளி கிடையாது. அந்த ஒருவர்தான். அவர் என்னை நிறுத்தின காரணமும் ஒன்றுதான். அதைச் சொல்லிவிட வேண்டும்.

பஸ்ஸுக்கு பர்மிட்டில் இருபத்திரண்டு பேர். சந்தை நாளில் இருபத்திரண்டு பேரோடு வண்டி எடுக்கச் சொல்கிற முதலாளி எங்கேயாவது உண்டா? ஏற்றுகிற மட்டும் ஏற்றுவோம். தருமபுரிக்கு முன்னால் ஓர் ஏரிக்கரை. அங்கே வண்டியை நிறுத்தினால், அதிகப்படி ஆட்கள் தாங்களாக இறங்கிக்கொள்வார்கள். கரைமேலே நடந்து, போலீஸ் ஸ்டேஷனைச் சுற்றிக்கொண்டு, அந்தப் பக்கம் வந்து நிற்பார்கள். பஸ் மட்டும் ஸ்டேஷன் முன்னால் யோக்கியமாகப் போய், அந்தப் பக்கம் அவர்களை ஏற்றிக்கொள்ளும். யாரும் யாருக்கும் சொல்லித் தரவில்லை. மலையிலிருந்து முதல்தடவை வருகிறவர்கூட மற்றவர் இறங்கினால் இறங்கிவிடுவார். இதற்கு டிக்கெட்டில் கழிவும் கிடையாது.

அந்தச் சந்தை நாளில் முதலாளி முன்சீட்டில் இருந்தார். ஸ்டேஷன் முன்னால் இன்ஸ்பெக்டர் கையைக் காட்டினார். உள்ளே எட்டிப் பார்த்து எண்ணினார். இருபத்திரண்டு. சரியாக இருந்தது. பிறகு அண்ணாந்து கூரையைப் பார்த்தார். புளி மூட்டை, சாமை மூட்டை, மிளகாய்ச் சாக்கு. ஒரு கோழிக்கூடையும் இருந்தது.

“கோழி யாருது?” என்றார்.

உள்ளே இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோழிக்காரி ஏரிக்கரைமேலே நடந்துகொண்டிருந்தாள்.

“கோழி மட்டும் சந்தைக்குப் போவுதுங்க எஜமான்,” என்றார் முதலாளி.

“டிக்கெட் வாங்கிச்சா?”

உள்ளே யாரோ சிரித்துவிட்டார்கள். அத்தோடு விஷயம் கெட்டது. முதலாளி, “யாரும் எறங்கலீங்க, சத்தியமா,” என்றார். இன்ஸ்பெக்டர் அவரை விட்டுவிட்டு என் பக்கம் வந்தார். “நீ சொல்லு டிரைவர். எத்தனை பேரு எறங்குனாங்க?”

அந்த இன்ஸ்பெக்டருக்கு ஒரு பழக்கம் உண்டு, லைனில் எல்லா டிரைவருக்கும் தெரியும். பத்துக்குள் இருந்தால் எழுதிக்கொண்டு அபராதத்தோடு விடுவார். பத்தைத் தாண்டினால் பர்மிட்டை வாங்கி வைத்துக்கொள்வார். வாங்கினால் எப்போது வருமோ தெரியாது. யாரும் இறங்கவில்லை என்று நானும் சொல்லியிருந்தால், அவர் அந்தப் பக்கம் போய் நின்று, வருகிறவர்களை ஒவ்வொருவராக எண்ணியிருப்பார். கோழியை வேறு யார் வந்து கேட்பார்கள்?

“ஒம்பது பேருங்க,” என்றேன்.

எழுதிக்கொண்டார். போகச் சொன்னார். அந்தப் பக்கம் வந்து நிற்கவில்லை. எல்லாரும் ஏறினார்கள். கோழிக்காரி கூடையை இறக்கி, கோழியை எண்ணிப் பார்த்தாள்.

சாயங்காலம் ஷெட்டில் முதலாளி, “என் சோத்தத் தின்னுபோட்டு எம்பட மொகத்துக்கு நேரா எனக்கே எதிரா சொல்றியாடா? நாளைல இருந்து வராத,” என்றார். வண்டியைச் சுற்றிக் கிளப்புகிற ஹேண்டிலை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். நாலு வருஷத்தில் அவர் அந்த ஹேண்டிலைத் தொட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இப்போது பந்தலுக்கு வருகிறேன்.

தபால் வந்ததும் முதலாளி ஆளனுப்பி என்னைக் கூப்பிட்டார். “முதுகுக்குப் பின்னால எழுதற பழக்கம் எனக்கு இல்ல. நின்னு கேளு,” என்றார். அவருக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். அவருடைய எழுத்து வேலை எல்லாம் பத்திர ரைட்டர்தான். நிலம் வாங்கினாலும் கடுதாசி போட்டாலும் அவரே. இதையும் அவரிடமே கொண்டுவந்தார்.

பத்திர ரைட்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“இது பத்திரமாட்டத்தான் இருக்குதுங்க மொதலாளி. என்ன நடந்துச்சு, எப்ப நடந்துச்சு, எங்க நடந்துச்சுன்னு கேக்கறாங்க. வெள்ளக்காரங்ககிட்ட போறது. ஒரு பிசகு வந்தா கையெழுத்துப் போட்டவர் தலைமேல. சாட்சி ரெண்டு பேரு வெச்சுக்குவோம்.”

“சாட்சி கேட்டிருக்காங்களா?”

“கேக்கலீங்க. நாம வெக்கறோம்.”

இப்படித்தான் கண்டக்டரும் காப்பிக் கடைக்காரரும் வந்தார்கள்.

முதல் விஷயம், வண்டி ஓட்டும் திறமை.

முதலாளி யோசித்தார். “ஏழு போடு. தொப்பூர்க் கணவாய்ல, ஒருக்கா கல்யாணத்துக்கு வாடகைக்குப் போனப்ப, பிரேக்கு புடிக்கல. இவன் கியரப் போட்டு, மண்ணு மேட்டுல ஒரசி ஒரசி நிறுத்திப்போட்டான். ஆருக்கும் ஒரு காயமில்ல.”

“அதுக்கு ஏன் ஏழு?”

“மட்கார்டு போச்சேய்யா. மூணு கொறச்சிக்க.”

பத்திர ரைட்டர் எழுதினார். எழுதும்போதே நாக்கு நுனி வெளியே வரும். “எடத்துக்கு எல்லை சொல்லுங்க,” என்றார்.

“எல்லை எதுக்கு?”

“கணவாய்னா எங்கன்னு எடுத்துக்கறது? நாலு மைல் இருக்குது.”

முதலாளி என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். கிழக்கே மண் மேடு, மேற்கே பள்ளம், வடக்கே பாலம், தெற்கே சுமைதாங்கிக் கல். அப்படியே எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு எல்லா விஷயத்துக்கும் இடமும் எல்லையும் கேட்டார். பழக்கம்.

இரண்டாவது, வண்டியைப் பராமரித்தல்.

“நாலு. தெனம் விடிஞ்சா அர மணி நேரம் வண்டிக்கடியில படுத்துக் கெடப்பான். ஜனங்க ஏறி உக்காந்திருக்கும், இவன் ஆணியத் திருகிக்கிட்டு இருப்பான். நல்ல எண்ணெயக் கறுத்துப்போச்சுன்னு கீழ ஊத்துவான். இன்னும் ஒரு மாசம் ஓடற டயர, நூலு தெரியுதுன்னு கழட்டி வெச்சான். நான் பாத்துக்கிட்டே நிக்கறேன்.”

“டயர் கழட்டுனது எந்த ஊருங்க?”

“ஷெட்டுலதான்யா. கெழக்க எங்க வூடு, மேக்க சாணிக்குழி. எழுதிக்க.”

மூன்றாவது, நேரம் தவறாமை.

“மூணு,” என்றார் முதலாளி உடனே. “ஏழு மணின்னா ஏழு மணிக்கு எடுத்துருவான். பஸ்ஸு நெறைய வேண்டாமா? ஒருக்கா தாலுகா ஆபீஸ் தலைமைக் குமாஸ்தா காப்பி குடிச்சிக்கிட்டு இருக்காரு, கையக் காட்றாரு, இவன் எடுத்துட்டுப் போறான். அந்த மனுசன் மாட்டு வண்டி புடிச்சுப் போனாரு. எனக்கு எத்தன பொல்லாப்பு!”

காப்பிக் கடைக்காரர் முதல்தடவையாகப் பேசினார். “நம்ம கடைலதானுங்க குடிச்சாரு. டம்ளரோட ஓடுனாரு. டம்ளர் வரவே இல்ல.”

“அத எழுத வேண்டாம்,” என்றார் பத்திர ரைட்டர்.

நாலாவது, குடிப்பழக்கம் இல்லாமை. முதலாளி ஒன்பது போட்டார். பத்துப் போடலாமே என்றார் ரைட்டர். “நான் கண்டதுக்குத்தானே மார்க்கு? மாரியம்மன் பண்டிகைக்கு இவன் மாமியார் வூட்டுக்குப் போயிருவான். அங்க என்ன பண்றான்னு நான் கண்டனா?” என்றார். நியாயம்தான். அங்கே நான் ஒன்றும் பண்ணுவதில்லை. ஆனால் அவர் பார்க்கவில்லை.

அஞ்சாவது, ஜனங்களிடம் நடந்துகொள்ளுதல். அஞ்சு. “வாயத் தொறக்கமாட்டான். ஒரு கெழவி, எப்பப்பா ஊரு வரும், எப்பப்பா ஊரு வரும்னு மூணுதரம் கேட்டா. இவன் ரோட்டப் பாத்துக்கிட்டே இருக்கான். வையவும் மாட்டான், பேசவும் மாட்டான். பாதி போடு.”

இதில் நான் சொல்ல ஒன்றும் இல்லை.

ஆறாவது. பத்திர ரைட்டர் நிறுத்தி வாசித்தார். “உண்மை பேசுதல்.”

முதலாளி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“சைபர்.”

“சைபருங்களா?”

“சைபர்.”

“உதாரணம் சொல்லோணும்.”

“சொல்றேன். சந்தை நாளு. ஸ்டேஷனு முன்னால. இன்ஸ்பெக்டர் எத்தன பேரு எறங்குனாங்கன்னு கேட்டாரு. நான் பக்கத்துல உக்காந்திருக்கறேன். யாருமில்லைன்னு சொல்லியும்போட்டேன். இவன் ஒம்பது பேருன்னு சொல்லிட்டான்.”

பத்திர ரைட்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

“எறங்குனது எத்தன பேருங்க?”

“ஒம்பதுதான். கண்டக்டர் ஒம்பது பேரு காசுதானே அன்னைக்கு அதிகமாக் கட்டினான்.”

“அப்ப இவன் சொன்னது உண்மைங்க.”

“ஆமா.”

“உண்மை பேசுதல்னு கேட்டிருக்காங்க. உதாரணம், உண்மையப் பேசினான். மார்க்கு சைபர். இப்படி ஒரு பத்திரம் நான் எழுதினதில்லீங்க.”

“மொதலாளிக்கு விசுவாசமா இருக்கறானான்னு ஒரு வரி இருந்தா அங்க போடுவேன். பாரு, இருக்குதா?”

ரைட்டர் தாளை மேலிருந்து கீழே வரைக்கும் பார்த்தார். “இல்லீங்க.”

“அப்ப இங்கதான் போடோணும். உள்ளதச் சொல்றேன். பொய் சொல்லச் சொல்றியா என்னை?”

“சொல்லலீங்க.”

“எழுது.”

எழுதினார். கிழக்கே ஏரிக்கரை, மேற்கே ஸ்டேஷன், என்று எல்லையும் போட்டார். பிறகு கண்டக்டரைப் பார்த்து, “ஒம்பது பேரு எறங்குனது உனக்குத் தெரியுமாப்பா?” என்றார்.

கண்டக்டர் என்னைப் பார்க்கவில்லை. “ஒம்பதுதாங்க, ஒம்பதேதான்,” என்று சொல்லிவிட்டு, அவனைக் கேட்பதற்கு முன்னாலேயே பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். அவ்வளவு சுறுசுறுப்பாக அவன் டிக்கெட் கிழித்து நான் பார்த்ததில்லை.

கடைசிக் கேள்வி இருந்தது. மறுபடி வேலைக்கு வைத்துக்கொள்வீரா?

முதலாளி இன்னொரு வெற்றிலையை எடுத்து மடித்தார். நான் போன பிறகு மூன்று டிரைவர் மாறியிருந்தார்கள். ஒருவன் வண்டியை ஆற்று மணலில் இறக்கினான். ஒருவன் வரவே இல்லை.

“வெச்சுக்குவேன்னு எழுது. ஆனா போலீஸ்காரங்க இருக்கற பக்கம் வாயத் தொறக்கக் கூடாது.”

“அதையும் எழுதவா?”

“எழுது. உள்ளதுதானே.”

அரக்கு வைத்து முத்திரை போட்டார்கள். மொத்தம் அறுபதுக்கு இருபத்தெட்டு என்று ரைட்டர் கூட்டிப் போட்டார், யாரும் கேட்காமலே. நான் இண்டூருக்கு நடந்தேன். வழியில் கூட்டிப் பார்த்தேன். கூட்டல் சரியாகத்தான் இருந்தது. இருபத்தெட்டு வாங்கினவனை எந்த ஆஸ்பத்திரி வைக்கும் என்று நினைத்தேன். மறுநாள் களைக்கொத்தைத் தீட்டினேன்.

மாசக் கடைசிக்கு இரண்டு நாள் முன்னால் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தது.

டாக்டரம்மா மேசையில் இரண்டு தாள் இருந்தன. ஒன்று சேலத்துக்காரருடையது. அதில் ஆறுக்கும் பத்துப் பத்து, உதாரணம் என்ற இடத்தில் ‘மிகவும் நல்லவர்’ என்று ஆறு தடவை. மற்றது என்னுடையது. அது நாலு பக்கம். பத்திர ரைட்டருக்குச் சுருக்கமாக எழுத வராது.

கிளார்க்கு ஒவ்வொன்றாக வாசித்து இங்கிலீஷில் சொன்னார். டாக்டரம்மாவுக்குப் பத்திரத் தமிழ் புரியாது. தொப்பூர் மட்கார்டுக்குத் தலையை ஆட்டினார். வண்டிக்கு அடியில் அரை மணி நேரம் என்றதற்கு, பென்சிலை எடுத்து நாலுக்குப் பக்கத்தில் ஒன்பது என்று எழுதினார். தலைமைக் குமாஸ்தாவை விட்டுவிட்டு எடுத்ததற்கு இன்னொரு ஒன்பது. கிழவிக்குப் பதில் சொல்லாததற்கு அந்த அஞ்சை அப்படியே விட்டார். “வியாதிக்காரரிடத்தில் நீர் பேச வேண்டும். எவ்வளவு தூரம் என்று கேட்டால் சொல்ல வேண்டும்,” என்றார். சரிங்க என்றேன்.

ஆறாவது வந்தது. கிளார்க்கு வாசித்தார். நிறுத்தி மறுபடி வாசித்தார். டாக்டரம்மா, “சைபர் என்றா எழுதியிருக்கிறது?” என்று கேட்டுத் தாளை வாங்கிப் பார்த்தார். சைபர் எந்தப் பாஷையிலும் சைபர்தான்.

பிறகு அவர் என்னை நேராகப் பார்த்தார்.

“எஜமான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாரா?”

“ஆமாங்க.”

“அவர் ஒருவரும் இல்லை என்று சொன்ன பிற்பாடா நீர் சொன்னீர்?”

“ஆமாங்க.”

“வேலை போய்விடும் என்று நீர் பயப்படவில்லையா?”

“போயிருச்சுங்க,” என்றேன்.

கிளார்க்கு சிரித்தார். அவர் சிரிக்கவில்லை. “முன்னே என்னிடத்தில் இருந்த டிரைவர் பழைய வேனை மரத்தில் இடித்துவிட்டு, மரம் வந்து இடித்தது என்றார். எனக்கு உண்மை சொல்லுகிற டிரைவர் வேண்டும். கடைசியாக ஒன்று கேட்கிறேன். அந்த நாளில் இறங்கினவர்கள் எத்தனை பேர்?”

தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

இதை இங்கே எழுதிவிட வேண்டும். இறங்கினது ஒன்பது பேர் இல்லை. அதைவிட அதிகம். பத்தைத் தாண்டின கணக்கு. நான் வண்டி எடுக்கும்போது கண்ணாடியில் தலைகளை எண்ணுவேன், ஸ்பிரிங்கு தாங்குமா என்று தெரிய வேண்டுமே. இறங்கும்போதும் எண்ணினேன். பர்மிட் போகக்கூடாது என்றுதான் ஒன்பது சொன்னேன். முதலாளிக்காகச் சொன்ன பொய். அதை அவர் உண்மை என்று எடுத்துக்கொண்டு என்னை நிறுத்தினார். கண்டக்டருக்குத் தெரியும். அவன் நான் சொன்ன ஒன்பதைக் கேட்டுக்கொண்டு ஒன்பது பேர் காசை மட்டும் கட்டினான். மீதிப் பேர் காசு அவன் மடியில். பந்தலில் அவன் கையெழுத்துக்கு அவ்வளவு அவசரம் அதனால்தான். அப்படிப் பார்த்தால் அந்தக் கடிதத்தில் ரொம்பச் சரியாகப் போட்ட மார்க்கு அந்தச் சைபர் ஒன்றுதான். போட்டவருக்கும் அது தெரியாது.

இப்போது வேறு கணக்குச் சொன்னால் கடிதம் பொய்யாகும். கடிதம் பொய்யானால் சேலத்துக்காரருக்கு வேன். எனக்குக் களைக்கொத்து.

“ஒம்பது பேருங்க,” என்றேன்.

அவர் சைபருக்குப் பக்கத்தில் பத்து என்று எழுதி, அடியில் ஒரு கோடு போட்டார்.

வேன் ஓட்டினேன். விடிந்தால் அரை மணி நேரம் அடியில் படுத்தேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வத்தல்மலை அடிவாரம் வரைக்கும் போய், டோலியில் இறக்கிக் கொண்டுவருகிறவர்களை ஏற்றி வருவேன். எவ்வளவு தூரம் என்று கேட்டால் சொன்னேன். அது ஒன்றுதான் கஷ்டமாக இருந்தது.

டாக்டரம்மா அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தார். புதிதாக யாராவது வேலைக்கு வந்தால் கூப்பிட்டு வைத்து அந்தக் கதையைச் சொல்லுவார். “எங்கள் டிரைவர் உண்மை சொன்னதினாலே ஒரு வேலையை இழந்தார், உண்மை சொன்னதினாலே ஒரு வேலையைப் பெற்றார்.” வெளியூரிலிருந்து பாதிரிமார் வந்தாலும் சொல்லுவார். என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். நான் நிற்பேன். அவர்கள் என் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். ஒருமுறை நர்ஸ்களுக்குப் பிரசங்கத்திலும் அதைச் சொன்னதாகக் கிளார்க்கு சொன்னார். வேனுக்கு ரேடியேட்டர் தண்ணீர் பார்க்க வேண்டும் என்று நான் அதற்குப் போகவில்லை.

யுத்தம் வந்தது. பெட்ரோல் கிடைக்கவில்லை. முதலாளியின் பஸ்ஸுக்குப் பின்னால் கரி அடுப்பு வைத்துக் கரி வாயுவில் ஓட்டினார்கள். மேடு வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ளினார்கள். இப்போது பர்மிட்டுக்கு அதிகமாக ஏற்றினால் பஸ்ஸே போகாது. போலீசாருக்கு எண்ணுகிற வேலை இல்லாமல் போயிற்று. ஆஸ்பத்திரி வேனுக்கு மட்டும் கூப்பனில் பெட்ரோல் உண்டு.

ஒரு நாள் பாப்பிரெட்டிப்பட்டிக்கு வேனைக் கொண்டுவரச் சொல்லி ஆள் வந்தது. போனேன். முதலாளி வீடு. அவருக்குச் சர்க்கரை வியாதி, காலில் புண். பெருவிரல் கறுத்திருந்தது. இளைத்துப்போயிருந்தார். படுத்து வரமாட்டேன், முன்சீட்டில்தான் உட்காருவேன் என்றார். காலைத் தூக்கி ஒரு சாக்குமேல் வைத்து உட்கார வைத்தேன். வேறு யாரும் வரவில்லை.

கொஞ்ச தூரம் இன்ஜினைக் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டு வந்தார்.

“என்னடா, வண்டி சத்தமே கேக்கல.”

“எண்ணெய் மாத்துறதுங்க.”

“ஆமா, நீ கீழ ஊத்தறவன்தான.” கொஞ்ச நேரம் கழித்து, “அந்தம்மா உன்னய எப்பிடிடா வெச்சுது? நான் சைபர் போட்டு அனுப்புனனே?” என்றார்.

“பக்கத்துல பத்துன்னு எழுதிக்கிட்டாங்க.”

“நான் கையெழுத்துப் போட்ட தாள்லயா?”

“ஆமாங்க.”

“அதெப்பிடி எழுதலாம்? பத்திரத்துல அப்பிடித் திருத்துனா செல்லாது. ரைட்டரு இருந்தா கேட்டிருப்பாரு.” ரைட்டர் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

“உங்களாலதான் வேலை கெடச்சுதுங்க மொதலாளி,” என்றேன். நாலு வருஷத்தில் அவரிடம் நான் இவ்வளவு பேசினதில்லை. ஆஸ்பத்திரிப் பழக்கம்.

“தெரியும், தெரியும். ஊரே சொல்லுது. உண்மை பேசற டிரைவராமா. பாதிரி வந்து கை குடுக்கறானாமா. என் ஸ்டேஷன் அபராதத்துல உனக்குப் பேரு.” வலியில் முகத்தைச் சுளித்தார். “எவ்வளவு தூரம் இன்னும்?”

“ஆறு மைலுங்க.”

“பேசறியேடா,” என்றார்.

ஏரிக்கரை வந்தது. பள்ளம் இருந்ததால் மெதுவாக விட்டேன். முதலாளி கரையைப் பார்த்தார். கரைமேல் யாரும் நடக்கவில்லை.

“இங்கதானேடா எறங்குவாங்க?”

“இங்கதாங்க.”

“அன்னைக்கு அந்தக் கோழிக்காரிகூட இன்னும் ரெண்டு மூணு பொம்பளைங்க கும்பலா ஏறுனது எனக்கு நெனப்பிருக்குது. அப்பறமா ஷெட்டுல கண்டக்டர் கணக்குச் சொன்னப்ப, கொறையுதேன்னு ஒரு நெனப்பு. நீயும் ஒம்பதுன்னு சொன்ன, அவனும் ஒம்பதுன்னு கட்டினான். ரெண்டும் ஒத்துப்போச்சு. அத்தோட விட்டேன்.” காலைக் கையால் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “இப்ப ஆரும் இல்ல. இன்ஸ்பெக்டரும் இல்ல, உன் டாக்டரம்மாளும் இல்ல. நெசமாச் சொல்லு. எத்தன பேருடா எறங்குனாங்க?”

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“பன்னெண்டு.”